ஒரு கார்டுக்கு ஒரு ஸ்டெப் மறைச்சுக்கிட்டே போறது: பத்தாவது வேகக் கணக்கை வச்சு கேள்வி பதில்

வீட்டுல பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். இருபடிச் சமன்பாட்டுல வர்ற அந்த "வேகம் கூடினா நேரம் குறையும்" டைப் கணக்குக்கு நான் கார்டு செட் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னதுல இருந்து ஒரே கேள்வியா வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

அக்கா, இது என்ன மெத்தட்? சுருக்கமா சொல்லுங்க.

முதல் கார்டுல கணக்கும் இருக்கும், முழு விடையும் ஸ்டெப் ஸ்டெப்பா இருக்கும். ரெண்டாவது கார்டுல வேற எண்கள் வச்ச அதே மாதிரி கணக்கு, ஆனா கடைசி ஸ்டெப் மட்டும் காலியா இருக்கும், அதை நீங்க போடணும். மூணாவது கார்டுல கடைசி ரெண்டு ஸ்டெப் காலி. இப்படியே பின்னாடி இருந்து முன்னாடி அழிஞ்சுக்கிட்டே வந்து கடைசி கார்டுல வெறும் கேள்வி மட்டும்தான் நிக்கும். அவ்ளோதான். ஆனா எந்த ஸ்டெப்ல எவ்ளோ நேரம் நிக்கணும்ங்கிறதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க, அதைத்தான் கீழ நிறைய எழுதியிருக்கேன்.

கைடுலயே எல்லா ஸ்டெப்பும் போட்டிருக்கே, அதை படிச்சா பத்தாதா?

படிக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியேதான் இருக்கும், அதான் பிரச்சனை. ஒவ்வொரு வரியும் முந்தின வரியில இருந்து சரியா வருதுன்னு தலையாட்டுறது ஒண்ணு, அடுத்த வரி என்னன்னு நாமளே யோசிச்சு எழுதுறது வேற ஒண்ணு. கைடை மூடினதும் முதல் வரிக்கே பேனா நகராது.

அதுக்காக எடுத்த எடுப்புல கணக்கை மட்டும் குடுத்து போடுன்னா அதுவும் சரியா வராது. புதுசா கத்துக்குற பையன் கிடைச்ச ஃபார்முலாவை எல்லாம் போட்டுப் பாப்பான், விடையைத் துரத்துறதுலயே மூளை களைச்சுப் போயிடும், கணக்கோட அமைப்பு மனசுல நிக்காது. ஆஸ்திரேலியால ஜான் ஸ்வெல்லர், கிரஹாம் கூப்பர் ரெண்டு பேரும் 1985லயே அல்ஜீப்ரால இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. போட்டுக் காட்டின கணக்கைப் படிச்சுட்டு அதே மாதிரி ஒண்ணைப் போட்ட பசங்க, மொத்தத்தையும் தானே போட்டுப் பழகின பசங்களை விட, பிறகு வந்த அதே மாதிரி கணக்குகளை வேகமா, தப்பு கம்மியா போட்டாங்க. சரி, படிச்சுட்டே இருந்தா எப்போதான் தானா போடுறது? அந்த ரெண்டுக்கும் நடுவுல போடுற படிக்கட்டுதான் இந்தக் கார்டுங்க.

ஒரு கணக்கை எடுத்து முழுசா காட்டுங்களேன்

என்னோட முதல் கார்டு இதான். ஒரு பஸ் 180 கிமீ போகுது. மணிக்கு 10 கிமீ வேகம் கூட்டியிருந்தா 36 நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். அப்போ பஸ்ஸோட உண்மையான வேகம் என்ன?

```
1. உண்மையான வேகம் x, கூட்டின வேகம் x + 10
2. நேரம்: 180/x மணி, 180/(x + 10) மணி
3. 180/x - 180/(x + 10) = 36/60 = 3/5
4. 1800/(x² + 10x) = 3/5,  x² + 10x = 3000
5. x² + 10x - 3000 = 0,  (x + 60)(x - 50) = 0
6. x = -60 ஆகாது.  x = 50
   சரிபார்: 180/50 = 3.6 மணி, 180/60 = 3 மணி,
   வித்தியாசம் 0.6 மணி = 36 நிமிஷம்
```

ஆறு ஸ்டெப். சில பேர் நாலாவதை ரெண்டா உடைப்பாங்க, உங்க பிள்ளை பகுதியை வெட்டுறதுல தடுமாறுதுன்னா உடைச்சுக்கோங்க, தப்பில்ல.

ரெண்டாவது கார்டுக்கு 240 கிமீ, வேகம் 20 கூடினா 1 மணி நேரம் மிச்சம். இதுல முதல் அஞ்சு ஸ்டெப்பும் அச்சடிச்சிருக்கும், (x + 80)(x - 60) = 0 வரைக்கும் வந்து நிக்கும், ஆறாவது மட்டும் அவங்க எழுதணும். மூணாவதுல 90 கிமீ, 15 கூடினா 1 மணி மிச்சம், இங்க x² + 15x = 1350 வரை நான் குடுத்துடுவேன், மிச்சம் அவங்க. நாலாவதுல 180 கிமீ, 12 கூடினா 45 நிமிஷம் மிச்சம், சமன்பாடு மட்டும் அமைச்சுக் குடுத்திருப்பேன், பகுதியை வெட்டுறதுல இருந்து அவங்க பொறுப்பு, x² + 12x = 2880 வரும், விடை 48.

அஞ்சாவது கார்டுல நேரம் ரெண்டையும் x வச்சு எழுதிக் குடுத்துடுவேன், சமன்பாடு அவங்க அமைக்கணும். ஆறாவதுல x எது கூட்டின வேகம் எதுங்கிறது வரைக்கும்தான் இருக்கும். ஏழாவது வெறும் கேள்வி.

ஏன் கடைசி ஸ்டெப்ல இருந்து மறைக்கணும்? முதல் ஸ்டெப்ப மறைச்சா என்ன?

முதல் ஸ்டெப்ல இருந்து மறைச்சா பையன் மேல இருக்குற காலியிடத்தைப் பாத்ததுமே நின்னுடுவான். இந்த மாதிரி கணக்குல x வைக்கிறதும் சமன்பாடு அமைக்கிறதும்தான் கஷ்டம், அதை முதல் நாளே அவன் தலையில கட்டுற மாதிரி ஆயிடும். கடைசியில இருந்து மறைச்சா மேல எல்லாத்தையும் படிச்சுட்டு வந்து, கணக்கு எங்க போய் முடியணும்னு தெரிஞ்சு, முடிச்சு வைப்பான். விடையும் கையில வந்துடும்.

ஜெர்மனில அலெக்சாண்டர் ரெங்கல், அவரோட சேர்ந்து ராபர்ட் அட்கின்சன் ஆளுங்க எல்லாம் இதைத்தான் 2002ல ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாங்க. ஸ்டெப்பைக் கொஞ்சம் கொஞ்சமா மறைக்கிறது, முழு உதாரணம் ஒண்ணு முழுக் கணக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி குடுக்குறதை விட நல்லா இருந்துச்சு, அதுலயும் பின்னாடி இருந்து மறைக்கிறது முன்னாடி இருந்து மறைக்கிறதை விடத் தோதா இருந்துச்சுன்னு பாத்தாங்க.

ஆனா கதை அங்க முடியல. அதே ஆளுங்க 2004ல இன்னும் நோண்டிப் பாத்தப்போ, எந்தப் பக்கம் இருந்து மறைக்கிறோம்ங்கிறது அவ்ளோ முக்கியமா தெரியல, எந்த ஸ்டெப் மறைஞ்சதோ அந்த ஸ்டெப்போட விஷயத்தைத்தான் பசங்க நல்லா கத்துக்கிட்டாங்கன்னு வந்துச்சு. இதைப் படிச்சதும் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா என் கார்டு செட்டை எடுத்து எண்ணிப் பாத்தேன். ஏழு கார்டுல ஆறாவது ஸ்டெப்பைப் பசங்க ஆறு தடவை எழுதுறாங்க, அஞ்சாவதை அஞ்சு தடவை, நாலாவதை நாலு, சமன்பாடு அமைக்கிற மூணாவது ஸ்டெப்பை மூணே தடவை, x வைக்கிறதை ஒரே ஒரு தடவை. அதாவது எது ஈஸியோ அதுக்கு நிறைய பழக்கம், எது கஷ்டமோ அதுக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் பரிட்சையில கணக்கை அமைக்கத் தெரியலன்னு பிள்ளையைத் திட்டி என்ன பிரயோஜனம்.

அப்போ என்ன பண்ணீங்க?

மறைக்கிற வரிசையை மாத்தல, கார்டு எண்ணிக்கையை மாத்தினேன். முதல் நாலும் ஒவ்வொண்ணுதான். அஞ்சாவது நிலைக்கு மூணு கார்டு, ஆறாவதுக்கு ரெண்டு, ஏழாவதுக்கு ரெண்டு. மொத்தம் பதினொண்ணு ஆச்சு. இப்போ சமன்பாடு அமைக்கிறது ஏழு தடவை வருது, நேரத்தை x வச்சு எழுதுறது நாலு தடவை, x வைக்கிறது ரெண்டு தடவை.

அஞ்சாவது நிலையோட மூணு கார்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. முதல்ல 200 கிமீ, 10 கூடினா 1 மணி மிச்சம், விடை 40. அடுத்து 300 கிமீ, 15 கூடினா 1 மணி, விடை 60. மூணாவது சைக்கிள், 24 கிமீ, வேகம் 4 கூடினா 30 நிமிஷம் மிச்சம், விடை 12. சைக்கிள் கார்டுல நிமிஷத்தை மணியா மாத்தணும், முதல் ரெண்டுல அந்தத் தொல்லை இல்ல, வேணும்னேதான் அப்படி வச்சேன்.

ஒரு எச்சரிக்கை. எண் மாத்துறோம்னு நெனச்சுட்டு நான் ஒரு தடவை 150 கிமீ, 10 கூடினா 30 நிமிஷம் மிச்சம்னு ஒரு கார்டு போட்டேன். போட்டுப் பாருங்க, x² + 10x - 3000 = 0 தான் வரும், முதல் கார்டோட சமன்பாடே! ஒரு பொண்ணு ரஃப் ஒர்க்கே போடாம 50னு எழுதிட்டு சிரிக்குது. கார்டு எழுதி முடிச்சதும் எல்லா சமன்பாட்டையும் ஒரு தாள்ல வரிசையா எழுதி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் பாத்துடுங்க.

பையன் காலியிடத்தை சரியா நிரப்புறான், ஆனா புரிஞ்சுதான் பண்றானான்னு சந்தேகமா இருக்கு

சந்தேகம் வரவேண்டியதுதான். முந்தின கார்டைப் பாத்து எண்ணை மட்டும் மாத்தி எழுதுறது ரொம்ப சுலபம். அதுக்கு நான் ரெண்டு வேலை பண்றேன்.

ஒண்ணு, எழுதின ஸ்டெப்புக்குப் பக்கத்துல "ஏன்" ஒரு வரி எழுதணும். "180/x ஏன் முதல்ல, 180/(x + 10) ஏன் கழிக்கப்படுது?" மெதுவா போறப்போ நேரம் கூட ஆகும், பெருசுல இருந்து சின்னதைக் கழிக்கிறோம், அப்படின்னு அவனோட வார்த்தையில வந்தா போதும். "சார் இப்படித்தான் போட்டாரு"னு வந்தா அடுத்த கார்டு கிடையாது. மறைக்கிறதோட சேர்த்து இப்படிக் காரணம் கேட்டா பலன் இன்னும் கூடுதுன்னு அட்கின்சன், ரெங்கல் குழு 2003ல காட்டியிருக்காங்க. எல்லா ஸ்டெப்புக்கும் கேட்டுடாதீங்க, பசங்க வெறுத்துடுவாங்க, புதுசா மறைஞ்ச ஸ்டெப்புக்கு மட்டும்.

ரெண்டாவது, ஆறாவது நிலை கார்டுல கணக்கைத் திருப்பிப் போட்டுடுவேன். மழையினால மணிக்கு 8 கிமீ வேகம் குறைஞ்சு போச்சு, 240 கிமீ போக 1 மணி நேரம் கூட ஆச்சு. இப்போ வேகம் x, x - 8. நேரம் 240/(x - 8) தான் பெருசு, அதுல இருந்து 240/x கழிக்கணும். x² - 8x - 1920 = 0, விடை 48. காப்பியடிச்சு வந்த பையன் இங்க கார்டுல இருக்குற x - 8ஐப் பாத்து நேரத்தை எழுதிட்டாலும் கழிக்கிற வரிசையைப் பழைய மாதிரியே எழுதுவான், 240/x - 240/(x - 8) = 1னு. அதைப் பாத்ததும் தெரிஞ்சுடும், அஞ்சாவது நிலையில அவன் ஏன்னு எழுதினதெல்லாம் மனப்பாடம்னு.

ஏழாவது நிலை கார்டுல பஸ்ஸே கிடையாது. டூர் போக வேன் வாடகை 2000 ரூபாய், சமமா பிரிச்சுக்கலாம்னு பேசி வச்சிருந்தாங்க, கடைசி நேரத்துல அஞ்சு பேர் வரல, மத்தவங்க தலைக்கு 20 ரூபாய் கூடக் குடுக்க வேண்டியதாச்சு. முதல்ல எத்தனை பேர்? 2000/(x - 5) - 2000/x = 20, x² - 5x - 500 = 0, 25 பேர். தூரம் போய் வாடகை வந்துடுச்சு, வேகம் போய் ஆள் வந்துடுச்சு, உள்ள இருக்குற எலும்புக்கூடு அதேதான். இதைப் போட்டுட்டா எனக்கு நிம்மதி.

தப்பு விட்டா உடனே சரியான ஸ்டெப்பை சொல்லிடலாமா?

உடனே வேண்டாம். இந்தக் கணக்குல தப்பே தன்னைக் காட்டிக் குடுத்துடும், அதை அவங்களே பாக்கட்டும்.

எல்லாரும் பண்ற தப்பு 36 நிமிஷத்தை மணியா மாத்தாம 180/x - 180/(x + 10) = 36னு எழுதுறது. மேல கொண்டு போனா x² + 10x - 50 = 0 வரும். காரணிப்படுத்த உக்காந்தா பிரியவே பிரியாது. ஃபார்முலா போட்டா வேகம் சுமார் 3.66. நடந்து போற ஆளை விட மெதுவா போற பஸ்ஸு! அந்த இடத்துல "இது என்னடா பஸ்ஸு"ன்னு மட்டும் கேளுங்க, போதும்.

இன்னொண்ணு கழிக்கிற வரிசையை மாத்திடுறது. அப்போ x² + 10x + 3000 = 0 வரும். எல்லாமே பிளஸ், பிளஸ், பிளஸ். தன்மைகாட்டி 100 - 12000, மைனஸ், அதனால மெய் விடையே கிடையாது. பஸ் நிஜத்துல ஓடிச்சு, வேகம் இல்லாம எப்படி ஓடும்? அப்போ தப்பு மூணாவது ஸ்டெப்லதான்னு அவங்களாவே திரும்பிப் போவாங்க. அதுக்குத்தான் சரிபார்க்கிறதை ஆறாவது ஸ்டெப்போட ஒட்டி வச்சிருக்கேன், அதைத் தனி ஸ்டெப்பா வச்சா பசங்க விட்டுடுவாங்க.

ரெண்டு தடவை அப்படித் திரும்பிப் பாத்தும் பிடிபடலன்னா கார்டோட பின்பக்கம் அந்த ஒரு ஸ்டெப் மட்டும் இருக்கும், பாத்துக்கலாம். முழு விடையையும் பின்னாடி எழுதிடாதீங்க, ஒரு ஸ்டெப்புக்காகத் திருப்பினவன் மொத்தத்தையும் பாத்துட்டுத்தான் வைப்பான், நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன்.

எப்போ அடுத்த கார்டுக்கு போகணும்?

என் கணக்கு இது: மறைஞ்ச ஸ்டெப்பும் சரி, ஏன்னு சொன்னதும் சரின்னா அடுத்தது. ஸ்டெப் சரி, காரணம் வரலன்னா அதே நிலையில வேற எண் வச்ச இன்னொரு கார்டு. ஒரே நிலையில ரெண்டு தடவை சறுக்கினா ஒரு நிலை கீழ இறங்கணும், ஆனா பழைய கார்டையே குடுக்கக் கூடாது, எண் ஞாபகம் இருக்கும். இதனால ஒவ்வொரு நிலைக்கும் கையில ஒரு ஸ்பேர் கார்டு வச்சிருக்கணும். அது கொஞ்சம் வேலைதான்.

நல்லா படிக்கிற பிள்ளைக்கும் முதல் கார்டுல இருந்தே குடுக்கணுமா?

வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தெரிஞ்ச ஸ்டெப்பைப் படிச்சு, தன் மண்டையில இருக்குற வழியோட ஒத்துப் பாத்துக்கிட்டு இருக்குறதே அவங்களுக்கு சுமை. புதுசா கத்துக்குறவங்களுக்கு உதவுற அதே முழு உதாரணம் தெரிஞ்சவங்களுக்கு இடைஞ்சலா மாறிடும்னு ஸ்லாவா கல்யூகா, ஸ்வெல்லர் எல்லாம் நிறையப் பாத்து எழுதியிருக்காங்க.

எங்க தொடங்கணும்னு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். கேள்வியை மட்டும் குடுத்து "முழுசா போட வேண்டாம், முதல்ல என்ன எழுதுவ, அதை மட்டும் எழுது"ன்னு சொல்லுங்க. இதுவும் கல்யூகாவும் ஸ்வெல்லரும் 2004ல பயன்படுத்தின வழிதான். நேரா 180/x - 180/(x + 10) = 3/5னு எழுதுற பிள்ளைக்கு ஏழாவது நிலை. வேகம் x, x + 10னு எழுதிட்டு யோசிக்கிறவங்களுக்கு அஞ்சாவது நிலை. வெறிச்சுப் பாத்தா ஒண்ணாவது.

கார்டு எப்படி தயார் பண்றது? பிரிண்ட் போடணுமா?

தேவையில்ல, நான் சார்ட் பேப்பரை வெட்டி கையாலதான் எழுதுறேன். ஒண்ணு மட்டும் கவனிங்க, காலியிடத்தோட அளவு விடையைக் காட்டிக் குடுத்துடக் கூடாது. ரெண்டு எழுத்துக்கு சின்ன டேஷ், நீளமான ஸ்டெப்புக்கு நீளமான டேஷ்னு போட்டா பசங்க அளவை வச்சே யூகிச்சுடுவாங்க. எல்லாத்துக்கும் முழு ஒரு வரி விடுங்க. ஸ்டெப் நம்பரை மட்டும் போட்டு வைங்க.

தேற்றம், வடிவியல் எல்லாத்துக்கும் இது சரியா வருமா?

ஸ்டெப் வரிசை ஓரளவு நிலையா இருக்குற கணக்குக்கு நல்லா வரும். பல வழியில போடக்கூடிய வடிவியல் கணக்குக்கு ஒரே வழியை அச்சடிச்சு மறைச்சா பிள்ளை யோசிக்கிற வேற வழியை நாமளே அடைச்ச மாதிரி ஆயிடும், அதனால நான் அங்க பண்றதில்ல. ரெண்டே ஸ்டெப் இருக்குற சின்னக் கணக்குக்கும் இது வீண் வேலை.

எல்லா கார்டும் முடிச்சாச்சு, ஒரு வாரத்துல மறந்துட்டா?

மறக்கத்தான் செய்வாங்க. ஒரு வாரம் கழிச்சு சொல்லாம கொள்ளாம ஏழாவது நிலைல புது எண் வச்சு ஒரே ஒரு கணக்கு குடுங்க, வேற அத்தியாயக் கணக்குகளுக்கு நடுவுல கலந்து. பேனா எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க. நேரம் ரெண்டையும் எழுதிட்டு நின்னா அஞ்சாவது நிலையில ஒரு கார்டு போதும், திரும்ப மொத்தக் கட்டையும் எடுக்க வேண்டாம். x² வரைக்கும் வந்துட்டு காரணிப்படுத்த முடியாம நின்னா அது இந்தக் கார்டோட பிரச்சனையே இல்ல, பெருக்கினா -3000 கூட்டினா 10 வர்ற ரெண்டு எண்ணைத் தேடுற பழக்கம் விட்டுப் போச்சு, அதை வேற தாள்ல தனியா பழக்கணும்.